கோப்பைகள் நிறைந்த கூடம்: கோவில்பட்டி வீடு ஒன்றின் ஷோகேஸை மாற்றிய அனுபவம்

பின்னணி

கோவில்பட்டி என்றால் வெளியூர்க்காரர்களுக்குக் கடலைமிட்டாய் நினைவுக்கு வரும். உள்ளூர்க்காரர்களுக்கு அதோடு ஹாக்கியும் சேர்ந்தே வரும். இந்த வீட்டுப் பெரியவர் அந்த மைதானங்களில் விளையாடி வளர்ந்தவர். பிறகு உடற்கல்வி ஆசிரியராக முப்பது வருடத்துக்கு மேல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மகன் சரக்குக் கப்பலில் இன்ஜினியர். ஆறு மாதம் கடலில், மூன்று நான்கு மாதம் வீட்டில். ஒவ்வொரு முறை வரும்போதும் தொட்ட துறைமுகங்களில் இருந்து ஏதாவது ஒன்று கொண்டு வருவார். பேத்திக்குப் பத்து வயது. அபாகஸ், செஸ், பாட்டுப்போட்டி என்று அவள் பங்குக்கும் கோப்பைகள் சேர்ந்துகொண்டே இருந்தன.

நான் வீடுகளுக்கு உள்வேலை செய்து கொடுப்பவன். 2022-இல் அந்த வீட்டம்மா எனக்கு போன் செய்தார். உறவினர் ஒருவர் பத்திரிகை வைக்க வந்திருந்தாராம். கூடத்தில் உட்கார்ந்தவர் ஷோகேஸைப் பார்த்துவிட்டு, "என்ன அத்தான், கப்பு விக்கிற கடை வச்சிருக்கீயளா?" என்று கேட்டிருக்கிறார். சாதாரணமாகக் கேட்டதுதான். ஆனால் பெரியவருக்கு அது மனதில் தைத்துவிட்டது. இரண்டு நாள் கழித்து, எல்லாவற்றையும் மூட்டை கட்டிப் பரணில் போட்டுவிடலாம் என்று சொல்லியிருக்கிறார். "அவர் சொன்னதைக் கேட்டு எனக்குத்தான் தாங்கல தம்பி. ஒருதரம் வந்து பாருங்க" என்றார் அம்மா.

முதல் நாள் பார்த்தது

கூடம் 16 அடிக்கு 11 அடி. நீளச் சுவரில் 8 அடி அகலம், 7 அடி உயரத்துக்கு 2009-இல் செய்த ஷோகேஸ். ஆழம் 14 அங்குலம். பின்பக்கம் முழுக்கக் கண்ணாடி, அதாவது முகம் பார்க்கும் கண்ணாடி. முன்பக்கம் நகர்த்தும் கண்ணாடிக் கதவு. நடுவில் ஐந்து கண்ணாடித் தட்டுகள், எல்லாம் ஒரே இடைவெளியில். ஒவ்வொரு தட்டின் பின் விளிம்பிலும் வெள்ளை எல்இடி பட்டை.

பொருட்களை அன்றே எண்ணினேன். கோப்பைகளும் ஷீல்டுகளும் 47. ரிப்பனோடு ஒரே கம்பியில் தொங்கிய பதக்கங்கள் 31. பக்கத்துச் சுவரிலும் ஷோகேஸுக்குள்ளும் சாய்த்து வைத்திருந்த சான்றிதழ்கள் 22. பயணத்தில் வாங்கியவை 38. மொத்தம் 138. பின்னால் கண்ணாடி இருந்ததால் கண்ணுக்கு அது 276 ஆகத் தெரிந்தது.

பெரியவரிடம், "இதில் உங்களுக்குப் பிடித்தது எது சார்?" என்று கேட்டேன். அவர் எழுந்து போய்க் கதவை நகர்த்தி, ஓரடி உயரத்தில் பளபளவென்று நின்ற மூன்று பிளாஸ்டிக் கோப்பைகளை எடுத்துக் கீழே வைத்தார். அவற்றுக்குப் பின்வரிசையில் கையை விட்டு, ஒரு சின்னக் கோப்பையை எடுத்தார். ஐந்து அங்குல உயரம்தான் இருக்கும். மேல்பூச்சு பாதி போய் உள்ளே இருந்த செம்பு நிறம் தெரிந்தது. ஒரு காது நசுங்கியிருந்தது. கையால் வெட்டிய எழுத்தில் 1978 என்று இருந்தது. மாவட்டப் போட்டியில் இரண்டாம் இடம். இறுதி ஆட்டத்தில் அவர் இடது கால் செருப்பில்லாமல் ஆடியதையும், ராத்திரி லாரியில் நின்றபடியே ஊர் திரும்பியதையும் சொன்னார். சொல்லி முடிக்கப் பத்து நிமிடம் ஆனது.

ஷோகேஸில் இருந்த மிக முக்கியமான பொருள், ஷோகேஸுக்கு முன்னால் நிற்கும் யாருக்கும் தெரியாத இடத்தில் இருந்தது. இந்த வேலை எங்கே தொடங்க வேண்டும் என்பது எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

ஏன் கடை மாதிரி தெரிந்தது

பொருள் நிறைய இருந்ததால்தான் கடை மாதிரி இருக்கிறது என்று வீட்டில் எல்லோரும் நினைத்தார்கள். அது பாதிதான் உண்மை. இருபது பொருளை வைத்தும் கடையாக்கலாம்.

கடைக்காரர் தட்டில் பொருளை அடுக்குவது வாங்க வருபவர் ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்க்கத்தான். அதனால் எல்லாம் முன்னால் பார்த்து நிற்கும். இடைவெளி சமமாக இருக்கும். ஒரே வகைப் பொருள் ஒரே தட்டில் இருக்கும். எதுவும் நிழலில் இருக்கக் கூடாது என்பதால் எல்லாவற்றுக்கும் ஒரே அளவு வெளிச்சம் விழும். இந்த வீட்டு ஷோகேஸில் இவை அத்தனையும் இருந்தன. கோப்பைகள் மேலே இரண்டு தட்டு, பதக்கம் ஒரு தட்டு, வெளிநாட்டுப் பொருட்கள் இரண்டு தட்டு. விலைச்சீட்டு ஒன்றுதான் இல்லை. கோப்பைகளின் அடியில் பளபளக்கும் பெயர்த்தகடுகள் அந்தக் குறையையும் தீர்த்து வைத்தன.

வீட்டில் யாரும் ஒப்பிட்டுத் தேர்ந்தெடுக்க வருவதில்லை. உட்கார்ந்து பேசுகிறவர் கண் எங்காவது ஒன்றில் போய் நிற்க வேண்டும், "இது எங்க வாங்கினது?" என்று கேட்க வேண்டும், வீட்டார் சொல்ல வேண்டும். அவ்வளவுதான் இந்த அலமாரிக்கு வேலை. எல்லாம் சமமாக நிற்கும் இடத்தில் கண் எதிலும் நிற்காது.

கட்டுமானத்தில் இருந்த காரணங்கள் மூன்று. முதலாவது ஆழம். 14 அங்குலம் இருந்தால் இரண்டு வரிசை வைக்கத்தான் கை போகும். இரண்டாவது, பின்பக்கக் கண்ணாடி எல்லாவற்றையும் இரட்டிப்பாக்கியது. மூன்றாவது, பின்னால் இருந்து வந்த வெள்ளை வெளிச்சம். பின்னால் விளக்கு இருந்தால் பொருளின் முகம் இருட்டாகவும் ஓரம் மட்டும் பளிச்சென்றும் தெரியும். கோப்பையில் எழுதியிருப்பதைப் படிக்கவே முடியாது.

எதை வைப்பது, எதை எடுப்பது

எடுத்து வைப்பதை நான் செய்யக் கூடாது என்று முடிவு செய்தேன். வெளியாள் ஒருவன் "இது வேண்டாம்" என்று ஒரு கோப்பையைத் தள்ளினால் அது அவமானமாகத்தான் படும். மொட்டை மாடி அறையில் பழைய வேட்டிகளை விரித்து 138 பொருளையும் தரையில் பரப்பினோம். நால்வர் கையிலும் நான்கு நிறத்தில் வட்டப் பொட்டு ஸ்டிக்கர் கொடுத்தேன். மகன் அப்போது கப்பலில் இருந்தார். அவருக்குப் படம் எடுத்து அனுப்பி, அவர் சொன்னதற்கு மருமகள் ஒட்டினார். விதி ஒன்றே ஒன்று: இந்தப் பொருளைப் பற்றி ஒரு நிமிடம் பேச முடிந்தால் ஒட்டுங்கள், முடியாவிட்டால் விட்டுவிடுங்கள்.

இது எனக்குப் பலமுறை கைகொடுத்த முறை. பிடித்திருக்கிறதா என்று கேட்டால் எல்லாம் பிடித்தது என்றுதான் வரும். பேச முடியுமா என்று கேட்டால் அவர்களே ஒதுக்கிவிடுவார்கள்.

58 பொருட்களில் எந்தப் பொட்டும் இல்லை. அவற்றில் 26 கோப்பைகள், பெரும்பாலும் தங்க நிறம் பூசிய பிளாஸ்டிக். சிறப்பு விருந்தினராகப் போன இடத்தில் கொடுத்தவை, கலந்துகொண்ட எல்லோருக்கும் கொடுத்தவை. அவற்றின் பெயர்த்தகடுகளைப் பெரியவரே திருப்புளியால் கழற்றி ஒரு டப்பாவில் போட்டு வைத்தார். பிளாஸ்டிக் உடல்கள் அவர் பயிற்சி கொடுத்த பையன்களின் குழுவுக்குப் போயின. கோப்பைக் கடையில் புதுத் தகடு அடித்து ஒட்டினால் அது மறுபடி ஒரு பரிசு. இந்த யோசனை அவருடையது. கழிக்கிறோம் என்ற வருத்தம் அதன்பின் அவர் முகத்தில் இல்லை.

மீதி 80 பொருட்கள். இவை அனைத்தையும் வெளியே வைத்தால் பழைய கதைதான். இங்கேதான் அம்மா ஒன்று சொன்னார். "கொலு பொம்மை வருசத்துக்கு ஒம்பது நாள்தான் வெளிய வருது. மத்த நாள் பெட்டிக்குள்ளதான் இருக்கு. அதுக்காக அதுக்கு மரியாதை இல்லன்னு ஆயிருமா?" அந்த வீட்டில் அவர் ஐந்து படி கொலு வைப்பவர். பொம்மைகளைப் பழைய பருத்திப் புடவைத் துணியில் சுற்றி, பெட்டிமேல் எது உள்ளே இருக்கிறது என்று எழுதி வைப்பார். அதையே இங்கும் செய்வது என்று முடிவானது. ஒரு நேரத்தில் 21 பொருட்கள் மட்டும் வெளியே. மூன்று சான்றிதழ்கள் வேறொரு சுவரில். மீதி அலமாரியின் கீழ்ப்பெட்டியில், துணி சுற்றி, பெயர் எழுதி. வருடத்துக்கு ஒருமுறை, கொலு இறக்கும் அதே வாரத்தில், மாற்றிக்கொள்ள வேண்டும்.

21 என்ற எண்ணுக்கு சாஸ்திரம் ஒன்றும் இல்லை. புது அலமாரியில் வரப்போகும் அறைகளை வரைந்து, மூன்றில் ஒரு பங்கு இடம் காலியாகவே இருக்கும்படி காகிதத் துண்டுகளை வைத்துப் பார்த்தபோது அத்தனைதான் வந்தது.

அலமாரி வேலை

பழைய சட்டம் நல்ல தேக்கு. அதை உடைக்க மனம் வரவில்லை, செலவும் மிச்சம். ஆசாரியும் நானும் உள்ளே மட்டும் மாற்றினோம்.

பின்பக்கக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, பிளைவுட் பலகை ஒன்றை நான்கு அங்குலம் முன்னால் கொண்டு வந்து அடித்தோம். இதனால் ஆழம் 10 அங்குலம் ஆனது. இரண்டாம் வரிசை வைக்க இடமே இல்லை. பின்னால் கிடைத்த நான்கு அங்குல வெற்றிடத்தில் வயரும், எல்இடி விளக்குக்கு மின்சாரத்தை மாற்றித் தரும் டிரைவர் பெட்டியும் போய்விட்டன. பலகைக்கு மினுமினுப்பில்லாத மண் நிறம் அடித்தோம். சுவரை விட ஒரு படி அடர்த்தி. வெள்ளைப் பின்னணியில் வெள்ளி நிறக் கோப்பை கரைந்து போகும். மிகக் கறுப்பாக அடித்தால் நகைக்கடைப் பெட்டி மாதிரி ஆகிவிடும்.

கீழே இரண்டரை அடிக்கு மூடிய பெட்டிகள். அதற்கு மேல் 8 அடி அகலத்தை மூன்று பத்தியாகப் பிரித்தோம். ஒவ்வொன்றும் ஏறக்குறைய 2 அடி 8 அங்குலம். பழைய கண்ணாடித் தட்டுகள் 4 அடி நீளம். சலவைக்கல் அடி வைத்த கோப்பைகளின் கனத்தில் இரண்டு தட்டுகள் நடுவில் தொய்ந்திருந்தன. புதிதாக 18 மில்லிமீட்டர் பிளைவுட் தட்டு போட்டு, முன் விளிம்பின் அடியில் ஒன்றரை அங்குலக் கட்டை சேர்த்தோம். அந்தக் கட்டை தட்டு வளையாமல் தாங்கும், விளக்கையும் மறைக்கும்.

தட்டுகளின் உயரத்தைப் பொருட்களே தீர்மானித்தன. பெரியவரின் பழைய ஹாக்கி மட்டை கட்டிலுக்கடியில் கிடந்தது. கைப்பிடியில் சுற்றிய துணி கறுத்துப் போயிருந்தது. அது 1978 கோப்பையின் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று எனக்கு உறுதியாகத் தோன்றியது. மட்டை 36 அங்குலத்துக்குக் கொஞ்சம் கூடுதல். படுக்க வைக்கப் பத்தியின் அகலம் போதாது. அதனால் இடது பத்தியில் 40 அங்குல உயரத்துக்குத் தட்டே இல்லாமல் விட்டோம். அதில் சாய்த்த மட்டை, சட்டம் போட்ட அணிப் படம், அந்தச் சின்னக் கோப்பை. இவை மூன்றும் மட்டும். நடுப் பத்தியில் தட்டுகளின் இடைவெளி 20 அங்குலம், 14 அங்குலம், பிறகு மேலே மீதி. வலது பத்தியில் சின்னப் பொருட்களுக்காக நான்கு தட்டு.

கதவு விஷயத்தில் எனக்கும் அம்மாவுக்கும் கருத்து வேறுபாடு இருந்தது. நான் முழுக்கத் திறந்து வைக்கலாம் என்றேன். அவர், "ஆடி மாசக் காத்துல இங்க வந்து இருந்து பாருங்க தம்பி" என்றார். அது கரிசல் பூமி. கறுப்புத் தூசி மெல்லிய மாவு மாதிரி எல்லாவற்றின் மேலும் படியும். அவர் சொன்னதுதான் சரி. கடைசியில் துடைக்க எளிதான பெரிய பொருட்கள் இருக்கும் இடது, நடுப் பத்திகள் திறந்தவை. மரச் செதுக்கல், காகிதக்கூழ் பொம்மை மாதிரி தூசி புகுந்தால் எடுக்க முடியாதவை வலது பத்தியில், சட்டமில்லாத ஒற்றைக் கண்ணாடிக் கதவுக்குள். நகர்த்தும் கதவு வேண்டாம் என்பதில் மட்டும் நான் விடவில்லை. இரண்டு கண்ணாடி ஒன்றன்மேல் ஒன்று வரும் நடுக்கோடும் அலுமினியத் தடமும் கடையை நினைவுபடுத்தியே தீரும்.

வெளிச்சத்துக்குப் பழைய வெள்ளைப் பட்டையை எடுத்துவிட்டு 3000 கெல்வின் மஞ்சள் சாயல் பட்டை. அதைத் தட்டின் முன் விளிம்பில், கட்டைக்குப் பின்னால், பொருளின் முகத்தைப் பார்த்துச் சாய்த்து வைத்தோம். மேலே பால் நிற மூடி அவசியம். அது இல்லாவிட்டால் கோப்பையின் வயிற்றில் ஒவ்வொரு எல்இடியும் புள்ளி புள்ளியாகத் தெரியும். இடது, வலது பத்திகளுக்கு மட்டும் விளக்கு, தனித்தனி சுவிட்ச். நடுப் பத்திக்கு வேண்டுமென்றே கொடுக்கவில்லை. அறை விளக்கே அதற்குப் போதும்.

வேலைக்கு நடுவே ஒரு இழப்பு

அடுக்குவதற்கு முந்தைய நாள், எல்லாம் பளிச்சென்று இருக்கட்டும் என்று அம்மா கோப்பைகளைத் துலக்கியிருக்கிறார். குத்துவிளக்குக்குப் போடுவது மாதிரி புளி போட்டு, பாத்திரப் பொடி போட்டு, நாரால் தேய்த்திருக்கிறார். பித்தளை விளக்குக்கு அது சரி. வெள்ளி முலாம் பூசிய கோப்பைக்கு அது எமன். முலாம் தலைமுடியை விட மெல்லியது. பொடி கறுப்போடு முலாமையும் சேர்த்து அரைத்து எடுக்கும். 1984 மண்டலப் போட்டிக் கோப்பையில் வயிற்றுப் பகுதி முழுக்க மஞ்சள் திட்டுகள் வந்துவிட்டன.

மதுரையில் மறுமுலாம் பூசிக் கொடுக்கிறார்கள். ஆனால் பூசுவதற்கு முன்னால் பாலிஷ் சக்கரத்தில் பிடித்து மேற்பரப்பை வழிப்பார்கள். வெட்டிய எழுத்து மேலோட்டமாக இருந்தால் அதில் பாதி போய்விடும். பெரியவர் எழுத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, "பெயர் இருக்கட்டும், மினுக்கு வேண்டாம்" என்றார். அப்படியே வைத்தோம்.

அம்மா அன்று சாப்பிடவில்லை. தவறு என்னுடையது. ஸ்டிக்கர் ஒட்டிய நாளிலேயே நான் சொல்லியிருக்க வேண்டும்: முலாம் பூசியதோ, மேலே வார்னிஷ் போட்ட பித்தளையோ, உலர்ந்த பழைய பருத்தித் துணியால் துடைத்தால் போதும். கைரேகை இருந்தால் துணியை நனைத்துப் பிழிந்து துடைத்து உடனே உலர்த்த வேண்டும். பொடி, புளி, எலுமிச்சை, சாம்பல் எதுவும் கூடாது. முலாம் பூசியதா என்று தெரிய, அடிப்பாகத்தையோ காதின் உள்பக்கத்தையோ பார்க்கலாம். தேய்ந்த இடத்தில் வேறு நிறம் எட்டிப் பார்த்தால் அது முலாம்.

சான்றிதழ்கள்

22-இல் 14 லேமினேட் செய்தவை. சூடு கொடுத்து ஒட்டும் அந்த பிளாஸ்டிக்கைத் தாளைக் கிழிக்காமல் பிரிக்க முடியாது. இரண்டில் ஓரம் திறந்து ஈரம் புகுந்து பழுப்பு ஏறியிருந்தது. மேற்கு ஜன்னலுக்கு எதிரில் இருந்தவற்றில் கையெழுத்து மை கிட்டத்தட்ட மறைந்துவிட்டது. முத்திரை மட்டும் மங்கலாக இருந்தது. அச்சு மையை விடப் பேனா மை வேகமாக வெளுக்கும் என்பதை இதில் கண்ணால் பார்க்கலாம்.

கூடத்தில் சான்றிதழே வேண்டாம் என்று முடிவு செய்தோம். எழுத்து நிறைந்த தாள்கள் அலமாரிக்குப் பக்கத்தில் வந்தால் உடனே அலுவலகமோ டியூஷன் சென்டரோ ஆகிவிடும். அவற்றுக்குக் கூடத்திலிருந்து படுக்கையறைக்குப் போகும் வழிச் சுவரைக் கொடுத்தோம். வெயில் படாது. நடந்து போகும்போது ஒரு கணம் நின்று படிக்கலாம். எதிர்ச்சுவரின் பின்னால் குளியலறை இருந்ததால் அந்தப் பக்கம் தவிர்த்தோம், ஈரம் இழுக்கும்.

தேர்ந்தெடுத்தது மூன்று. பெரியவர் பட்டியாலா தேசிய விளையாட்டு நிறுவனத்தில் செய்த ஆறு வாரப் பயிற்சியின் சான்றிதழ், மகனின் கப்பல் இன்ஜினியர் தேர்ச்சிச் சான்றிதழ், பேத்தி முதல் வகுப்பில் வாங்கிய ஓவியப் பரிசுச் சான்றிதழ். மூன்றுமே நகல்தான் சுவரில். 300 டிபிஐ-இல் ஸ்கேன் செய்து மினுக்கில்லாத தாளில் அச்சிட்டோம். அசல்கள் பாலிபுரொப்பிலீன் உறைகள் உள்ள ஃபைலில். சாதாரணப் பிவிசி உறை வேண்டாம், நாளடைவில் மை அதில் ஒட்டிக்கொள்ளும். தாள்களின் அளவு வேறு வேறாக இருந்தாலும் சட்டங்களை ஒரே அளவில் செய்து, சுற்றிலும் இரண்டு அங்குலத்துக்கு மேல் வெள்ளை அட்டை விட்டோம். அந்த அட்டை தாளைக் கண்ணாடியில் ஒட்டாமல் காப்பாற்றும். சட்டத்தின் பின்மூலைகளில் சின்னக் கார்க் துண்டு ஒட்டினோம், சுவருக்கும் சட்டத்துக்கும் நடுவே காற்று போக.

பெரிய படிப்புச் சான்றிதழ்களோடு ஓவியப் பரிசை மாட்டலாமா என்று மருமகள் தயங்கினார். அதுதான் அந்தச் சுவரை வீட்டுச் சுவராக்குகிறது என்று நான் இன்றும் நினைக்கிறேன்.

அடுக்கிய நாள்

பெரியவரை அவர் வழக்கமாக உட்காரும் நாற்காலியிலேயே உட்கார வைத்துவிட்டு அடுக்கினேன். உட்கார்ந்தவரின் கண் தரையிலிருந்து 45 அங்குலத்துக்குப் பக்கத்தில் இருக்கும். பழைய ஷோகேஸில் முக்கியமான கோப்பைகள் ஆறடி உயரத்தில் இருந்தன. கூடத்தில் யாரும் நின்றுகொண்டு பேசுவதில்லை.

வகை பிரித்து அடுக்கவில்லை. யாருடையது, எந்தச் சமயத்தது என்று சேர்த்தோம். மகனின் முதல் பயணத்தில் கப்பல் சூயஸ் கால்வாயில் வரிசைக்குக் காத்திருந்தபோது படகில் ஏறி வந்த வியாபாரியிடம் வாங்கிய பித்தளைத் தட்டு, அதே வருடம் அவருடைய அப்பாவுக்குப் பள்ளியில் கொடுத்த பிரியாவிடைக் கேடயம், இரண்டும் நடுத்தட்டில் பக்கத்தில் பக்கத்தில். ராட்டர்டாமில் வாங்கிய நீல வண்ணக் காற்றாலைக்குப் பக்கத்தில் அவருடைய பழைய இன்ஜின் பாடப்புத்தகங்கள் இரண்டைப் படுக்க வைத்து, அதன்மேல் பேத்தியின் செஸ் கோப்பை. கோப்பைகளைக் கொஞ்சம் கொஞ்சம் திருப்பி வைத்தேன். பெயர்த்தகடு நேராகப் பார்க்காமல் ஒருபக்கம் சாய்ந்து இருந்தால் அது அறிவிப்புப் பலகையாகத் தெரியாது.

பதக்கங்களில் மூன்றை மட்டும் ஆழமான சட்டத்துக்குள் வைத்தோம். மற்றவை ரிப்பனைச் சுருட்டிக் கீழ்ப்பெட்டிக்குப் போயின. வெளிநாட்டுக் காந்தப் பொம்மைகளை, படுக்கையறை இரும்பு பீரோவின் பக்கவாட்டில் பேத்தி ஒட்டிக்கொண்டாள்.

தஞ்சாவூர் தலையாட்டி பொம்மையை முதலில் நடுப் பத்தியின் மேல்தட்டில் வைத்தேன். மின்விசிறியைப் போட்டதும் அது நிற்காமல் ஆடியது, தலை கழுத்தில் உரசி டிக் டிக் என்று சத்தம். கண்ணாடிக் கதவுக்குள் வைத்தால் ஆடவே ஆடவில்லை. கடைசியில் கீழ்த்தட்டின் ஓரத்துக்கு வந்தது. காற்று எப்போதாவது தொடும், அப்போது ஒருமுறை தலையசைக்கும். பெரியவர் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

அதன்பின்

முதல் மாதம் பெரியவருக்கு வீடு வெறிச்சென்று இருந்திருக்கிறது. யாருக்கும் சொல்லாமல் நான்கு கோப்பைகளை எடுத்துத் திரும்ப வைத்திருக்கிறார். இரண்டாம் மாதம் நான் போனபோது அதில் இரண்டை அவரே உள்ளே வைத்துவிட்டார். பழைய மாணவர் ஒருவர் வந்தபோது நேராக அந்த மட்டைக்கு முன்னால் போய் நின்று, "சார், இது அந்தக் கட்டையா?" என்று கேட்டாராம். அதை என்னிடம் மூன்று தடவை சொன்னார்.

தூசி துடைப்பது முன்பு அரைநாள் வேலை, அதனாலேயே மாதத்துக்கு ஒருமுறைதான் நடக்கும். இப்போது வாரம் ஒருமுறை கால் மணி நேரம் என்றார் அம்மா. ஆனால் ஆடியில் திறந்த பத்திகள் இரண்டும் இரண்டே நாளில் கறுத்துவிடுகின்றன. அந்த மாதம் மட்டும் அவர் ஒரு வேட்டியை மேலே போட்டு மூடி வைக்கிறார்.

முதல் நவராத்திரியில் மாற்றி வைப்பது அழகாக நடந்தது. ஒன்பது பொருட்கள் உள்ளே போய் ஒன்பது வெளியே வந்தன. இரண்டாம் வருடம் அம்மாவுக்கு முழங்கால் வலி. கீழ்ப்பெட்டியில் குனிந்து எடுக்க முடியவில்லை. மூன்று மட்டும் மாறின. இதற்கிடையில் பேத்தி புதிதாக ஐந்து கோப்பைகள் வாங்கினாள். ஒன்று வந்தால் ஒன்று உள்ளே போக வேண்டும் என்று பேசி வைத்தது நடக்கவில்லை. 21 என்பது 28 ஆனது. நடுப் பத்தி மறுபடி கொஞ்சம் கடை முகம் காட்டத் தொடங்கியது. மருமகள்தான் அதைக் கவனித்து எனக்குப் படம் அனுப்பினார். பேத்தியின் படிக்கும் மேசைக்கு மேலே இரண்டடிப் பலகை ஒன்று அடித்துக் கொடுத்தேன். புதியவை முதலில் அங்கே போகும். அவளாகக் கொண்டு வந்து கூடத்தில் வைத்தால் வைக்கலாம். செஸ் கோப்பையை மட்டும் கூடத்திலேயே விட்டுவிட்டாள்.

இன்று செய்தால் மாற்றுவது

துலக்கும் முறையை முதல் நாளே எழுதிக் கொடுப்பேன். வேலை தொடங்கும் முன்பே, பரப்பி வைத்த வேட்டியின் பக்கத்திலேயே.

குழந்தைக்கான பலகையைக் கடைசியில் யோசிக்காமல் முதல் வரைபடத்திலேயே சேர்ப்பேன். பெரியவருடைய கோப்பைகள் எத்தனை என்பது முடிந்துபோன கணக்கு. அவளுடையது வளரும் கணக்கு. இரண்டையும் ஒரே அலமாரியில் அளந்தது என் பிழை.

வலது பத்திக் கதவை இடது பத்திக்கும் கேட்டிருக்கலாம் என்று அம்மா சொல்கிறார். எனக்கு அதில் இன்னும் சம்மதமில்லை, அந்த மட்டையைப் பெரியவர் தினமும் கையில் எடுத்துப் பார்க்கிறார். கீழ்ப்பெட்டிகளைப் பற்றி மட்டும் சந்தேகமே இல்லை. மாற்றி வைக்க வேண்டிய பொருட்களைக் குனிந்து எடுக்கும் இடத்தில் வைக்கவே கூடாது. கதவுப் பெட்டிக்குப் பதிலாக முழுதாக வெளியே வரும் இழுப்பறைகள், அதுவும் இடுப்பு உயரத்தில், போட்டிருக்க வேண்டும். அடுத்த நவராத்திரிக்கு முன்னால் மேல் பெட்டி இரண்டை அப்படி மாற்றித் தருவதாகச் சொல்லியிருக்கிறேன். ஆசாரி இழுப்பறை நகரும் சேனல் வாங்கி வைத்துவிட்டார்.